மகனுக்கு இப்போதே பணம் கொடுப்பதா, உயிலில் எழுதி வைப்பதா? சென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மகன் மேடவாக்கத்தில் ஃபிளாட் பார்த்துவிட்டான். வங்கி கடன் தரத் தயார், கையிலிருந்து போட வேண்டிய முன்பணம்தான் இடிக்கிறது. "எப்படியும் ஒருநாள் எனக்கும் அக்காவுக்கும் வரப்போற பணம்தானேப்பா, இப்பவே கொடுத்தா உதவியா இருக்கும்ல?" என்று கேட்கிறான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இதை முறையாகச் செய்ய யாரிடம் யோசனை கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வங்கியில் ஒன்று, ஆடிட்டரிடம் ஒன்று, பத்திரம் எழுதுபவரிடம் ஒன்று. எங்கள் வீட்டில் இதைச் செய்து முடித்தபோது புரிந்துகொண்டதை, அடுத்து வருபவர்கள் அலையாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

இது ரொக்கச் சேமிப்பைப் பற்றியது. வீட்டையே எழுதிக் கொடுப்பது வேறு விவகாரம், அதற்குக் கடைசியில் சில வரிகள் மட்டும். நான் சொல்லும் வாரிசுரிமை இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு விதிகள் வேறு. குறிப்பாக முஸ்லிம் சட்டத்தில் உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது என்பதால், படி 5 அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

1. முதலில் உங்கள் மாத வருமானத்தைப் போட்டுப் பாருங்கள்

எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மகனின் தேவையிலிருந்து கணக்குப் போடாதீர்கள். கொடுக்கிற தொகையோடு மாதாமாதம் வரும் எவ்வளவு வட்டி போகிறது என்பதிலிருந்து போடுங்கள். எங்கள் கணக்கையே, எண்களை முழுசாக்கிச் சொல்கிறேன்.

தனியார் வேலை, பென்ஷன் கிடையாது. சொந்த வீடு நங்கநல்லூரில். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம், 8.2 சதவீதத்தில். வங்கி வைப்பில் 50 லட்சம், சுமாராக 7 சதவீதத்தில். முதலாவதில் மாதத்துக்கு 20,500 ரூபாய், இரண்டாவதில் 29,166. ஆக மாதம் 49,666 ரூபாய். வீட்டுச் செலவு 38,000. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை மாதக் கணக்கில் பிரித்தால் 5,000. மொத்தம் 43,000.

மகன் கேட்டது 25 லட்சம். அதைக் கொடுத்தால் மாதம் 14,583 ரூபாய் வட்டி போகும். கையில் வருவது 35,083. முதல் மாதத்திலிருந்தே எட்டாயிரம் துண்டு விழும். 10 லட்சம் கொடுத்தால் போவது 5,833, மீதி 43,833. இன்றைய செலவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினாலே, இந்த 43,000 ஐந்து வருஷத்தில் 57,000-ஐத் தாண்டும். அப்போது அசலில் கைவைக்க வேண்டியிருக்கும். அதனால் 10 லட்சம்தான் எங்கள் உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும், நாளைக்கு மருந்துச் செலவுக்கு அதே மகனிடம் கை நீட்ட வேண்டியிருக்கும்.

எந்த வைப்பை உடைப்பது என்பதிலும் பணம் இருக்கிறது. மூத்த குடிமக்கள் திட்டத்தைத் தொடாதீர்கள். முதிர்வுக்கு முன் முடித்தால், ஒரு வருஷம் ஆகியிருந்தால் வைப்புத் தொகையில் ஒன்றரை சதவீதமும், இரண்டு வருஷத்துக்கு மேல் என்றால் ஒரு சதவீதமும் பிடித்துக்கொள்வார்கள். 30 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் 30,000 ரூபாய். வங்கி வைப்புகளில் எது முதலில் முதிர்கிறதோ அதன் தேதியை மகனிடம் சொல்லுங்கள். பில்டருக்குக் கட்ட வேண்டிய தேதியை அதையொட்டி அவன் பேசி வைத்துக்கொள்ளட்டும்.

2. வரியைப் பற்றிய பயத்தைக் கழற்றி வையுங்கள், ஆனால் இரண்டு இடத்தில் கவனம்

பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு, வாங்குபவருக்கு எத்தனை லட்சமானாலும் வருமான வரி கிடையாது. உயில் வழியாகவோ வாரிசாகவோ வந்தாலும் கிடையாது. கொடுப்பவருக்கும் வரி இல்லை, சலுகையும் இல்லை. "50,000 ரூபாய்க்கு மேல் பரிசு வாங்கினால் வரி" என்று பலர் பயமுறுத்துவார்கள். அந்த வரம்பு உறவினர் அல்லாதவர் கொடுப்பதற்கு. ஆக, இப்போதா பிறகா என்ற கேள்விக்கு வரி பதில் சொல்லாது.

கவனிக்க வேண்டிய முதல் இடம் மருமகள். மகனுக்கோ மகளுக்கோ கொடுத்த பணத்தில் வரும் வருமானம் அவர்களுடையது. மருமகனுக்குக் கொடுத்தாலும் அப்படியே. ஆனால் மருமகள் பெயருக்குக் கொடுத்த பணத்தில் வரும் வட்டியையோ வாடகையையோ, கொடுத்த மாமனார் அல்லது மாமியாரின் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்கள். மகனும் மருமகளும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்குக்கு அனுப்பினால், பணம் யாருக்குக் கொடுத்தது என்ற கேள்வி எழும். மகன் மட்டும் வைத்திருக்கும் கணக்குக்கே அனுப்புங்கள். மருமகளிடமும் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் அவள் காதில் அது வேறு மாதிரி விழும்.

இரண்டாவது, பணத்தைச் சும்மா மகன் பெயரில் வைப்பாக மாற்றி வைப்பது. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி கழித்து வரி இல்லை. எங்கள் வட்டி வருமானம் வருஷத்துக்கு 5.96 லட்சம்தான், வரி பூஜ்ஜியம். அதே 10 லட்சம், 20 சதவீத அடுக்கில் இருக்கும் மகன் பெயரில் வைப்பாக இருந்தால், வருஷ வட்டி 70,000-இல் செஸ் சேர்த்து 14,560 ரூபாய் வரியாகப் போகும். ஆனால் அந்த 10 லட்சத்தால் அவனுடைய வீட்டுக் கடன் குறைந்தால் கதை வேறு. எட்டரை சதவீதக் கடனில் வருஷத்துக்கு 85,000 ரூபாய் வட்டி மிச்சம். எங்களுக்குப் போவது 70,000. குடும்பமாகப் பார்த்தால் 15,000 லாபம். செலவழிக்க ஒரு வேலை இருந்தால்தான் முன்கூட்டியே கொடுப்பதில் அர்த்தம். சேர்த்து வைக்கத்தான் என்றால் உங்களிடமே இருக்கட்டும்.

3. எது கொடை, எது கடன் என்று பிரித்துவிடுங்கள்

10 லட்சம் போதாது என்று மகன் சொன்னான். உள்வேலைக்கு, அதாவது கப்போர்டு, மாடுலர் கிச்சன் வகைக்கு, இன்னும் 5 லட்சம் கேட்டான். அதைக் கடனாகக் கொடுத்தோம், வட்டி இல்லை. 60 மாதத்துக்கு மாதம் 8,333 ரூபாய், அவன் சம்பளக் கணக்கிலிருந்து தானாக வருகிற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்.

பெற்ற பிள்ளையிடம் கடன் பத்திரமா என்று என் மனைவி முகத்தைச் சுளித்தாள். நான் சொன்னது இதுதான். எழுதாத கடன் பத்து வருஷம் கழித்து மகனுக்குக் கொடையாகத் தெரியும், மகளுக்கு ஏமாற்றாகத் தெரியும். ஒரு வெள்ளைத்தாளில் தொகை, தேதி, தவணை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான். இருபதாயிரம் ரூபாய்க்குக் குறையாத கடனை ரொக்கமாகக் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, வங்கி வழியாகவே நடக்க வேண்டும். கடனைச் சட்டப்படி கேட்கும் காலவரம்பு மூன்று வருஷம். மாதத் தவணை வங்கி வழியாக வந்துகொண்டிருந்தால் அது ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படும். தவணை நின்று போனால், மூன்று வருஷம் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி" என்று எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. வீட்டுக் கடன் தரும் வங்கி, முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். அப்பா கொடுத்த கொடை என்று கடிதம் கேட்கும். சிலர் கடனாகக் கொடுத்ததையும் சேர்த்து, முழுத் தொகைக்கும் "திரும்பக் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது வங்கியிடம் சொல்லும் பொய். அதைவிட, நாளைக்கு நீங்கள் கடனைக் கேட்டால் அந்தக் கடிதமே உங்களுக்கு எதிராக நிற்கும். அதனால்தான் முன்பணத்துக்கு 10 லட்சம் மட்டும் கொடையாகப் போனது. 5 லட்சம் பத்திரப்பதிவு முடிந்து உள்வேலை தொடங்கியபோது தனியாகப் போனது.

4. பணம் அனுப்புவதும் கடிதமும்

பணத்தைக் கொடையாகக் கொடுக்கப் பத்திரப்பதிவு தேவையில்லை. கொடுப்பதும் வாங்கிக்கொள்வதும் நடந்தால் போதும். ஆனாலும் எழுத்து வேண்டும். வருமான வரித்துறை பல வருஷம் கழித்து மகனிடம் கேட்டாலும், கடன் வங்கி கேட்டாலும், மகள் கேட்டாலும் காட்டுவதற்கு.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். ஒரே ஆளிடமிருந்து ஒரு நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. அப்பா-பிள்ளை என்றாலும் விலக்கு இல்லை. காசோலையோ ஆர்டிஜிஎஸ்ஸோ செய்யுங்கள். கிளைக்குப் போய் ஆர்டிஜிஎஸ் செய்தால் படிவத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் "மகனுக்குக் கொடை" என்று எழுதி, முத்திரை குத்திய அடித்தாளை வாங்கி வையுங்கள்.

பணம் போன பிறகு, நடந்து முடிந்த கொடையைப் பதிவு செய்யும் கடிதமாக எழுதுங்கள். உங்கள் பெயர், வயது, முகவரி, பான் எண். மகனுடையதும் அப்படியே. உறவு. தொகை, எண்ணிலும் எழுத்திலும். எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில், அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் அடையாள எண்ணான யூடிஆர் என்ன. என் சொந்தச் சேமிப்பிலிருந்து, கைம்மாறு எதிர்பாராமல், அன்பின் பேரில் கொடுத்தேன் என்று ஒரு வரி. ஏற்றுக்கொண்டேன் என்று மகனின் கையெழுத்து. இரண்டு சாட்சிகள். இது வெள்ளைத்தாளிலேயே செல்லும். வங்கி நோட்டரி முத்திரை கேட்டால் சில நூறு ரூபாயில் முடியும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பழைய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களோடு இருக்கும். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் எண்கள் மாறிவிட்டன. பிரிவு எண்ணே போடாமல் விட்டால் ஒரு குறையும் இல்லை.

கடன் வங்கி இந்தக் கடிதத்தோடு உங்கள் கணக்கின் ஆறு மாத அறிக்கையையும் கேட்கலாம். கொடுப்பதற்கு முன்தினம் எங்கிருந்தோ பெரிய தொகை வந்து விழுந்த மாதிரி இருந்தால் கேள்வி வரும். வைப்பு முதிர்ந்து கணக்குக்கு வந்த ரசீதைச் சேர்த்துக் கொடுங்கள்.

5. மகளுக்கு என்ன என்பதை எழுதாமல் விடாதீர்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது. மகனுக்கு முன்கூட்டியே கொடுத்ததை, பிறகு பாகம் பிரிக்கும்போது சட்டம் தானாகக் கழிக்காது. உயில் இல்லாமல் நாங்கள் இருவரும் போய்விட்டால், மீதி 70 லட்சம் மகனுக்கு 35, மகளுக்கு 35 என்று சமமாகப் பிரியும். ஏற்கெனவே வாங்கிய 10 லட்சத்தோடு மகனுக்கு 45 ஆகிவிடும். நாங்கள் நினைத்தது சமம், நடப்பது பத்து லட்ச வித்தியாசம்.

இதைச் சரிசெய்ய உயிலில் இரண்டே வரி போதும். "இன்ன தேதியில் என் மகனுக்கு 10 லட்சம் கொடுத்துள்ளேன். என் பணத்திலிருந்து முதலில் 10 லட்சம் என் மகளுக்கு, மீதி இருவருக்கும் சமமாக." அப்படியானால் மகளுக்கு 10, மிச்சமிருக்கும் 60-இல் ஆளுக்கு 30. இருவருக்கும் 40 ஆகிறது. இன்றைய 10 லட்சமும் இருபது வருஷம் கழித்து வரும் 10 லட்சமும் ஒன்றல்ல என்று மகள் சொன்னால், அவள் சொல்வது சரி. "ஆண்டுக்கு 6 சதவீதத் தனிவட்டி சேர்த்து" என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் தீரும். நாங்கள் சேர்த்தோம். அவள் கேட்டிருக்கவில்லை. கடன் வாங்கிய 5 லட்சத்தில் எங்கள் காலத்தில் கட்டாமல் நின்றது அவன் பங்கில் கழியும் என்றும் எழுதினோம்.

தந்தை உயிலில் எல்லாம் மனைவிக்கு என்று எழுதி, அம்மா உயிலே எழுதாமல் இருப்பது சகஜம். அப்படிச் செய்தால் அப்பாவின் இரண்டு வரி அம்மாவோடு காணாமல் போகும். இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், இரண்டிலும் அந்த வரிகள் இருக்க வேண்டும்.

நாமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். வங்கி வைப்பில் நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நான்கு பேர் வரை, சதவீதம் குறித்து நாமினி போடலாம். உயிலுக்கு ஒத்துப்போகிற மாதிரி அதையும் மாற்றுங்கள். இரண்டும் முரண்பட்டால் சண்டை அங்கேதான் முளைக்கும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் செல்லும், சாட்சி இருவர் கட்டாயம். சொத்துப் பெறாதவராகவும் உங்களைவிட இளையவராகவும் பார்த்துப் பிடியுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது நல்லது. சென்னைக்குள் இருக்கும் சொத்துக்கு உயிலை உயர் நீதிமன்றத்தில் புரொபேட் செய்தே, அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றத்தின் சான்று வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2025 டிசம்பரில் சட்டத் திருத்தத்தால் நீக்கிவிட்டார்கள். பழைய யோசனையைச் சொல்பவர்கள் இன்னும் இருப்பார்கள்.

6. இருவரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்

மகன் குடும்பத்துக்குத் தனியாகச் சொல்லி, மகளுக்கு வேறு யார் வழியாகவோ தெரிய வருவதுதான் மோசம். கொடுப்பதற்கு முன், இருவரும் இருக்கும்போது, தாளைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். பேச்சு உடனே பழைய கணக்குக்குப் போகும், தயாராக இருங்கள். "உன் கல்யாணத்துக்கு நாற்பது சவரன் போட்டாங்களே" என்று மகன் தொடங்குவான். "உன் இன்ஜினியரிங் சீட்டுக்கு யார் கட்டினாங்க" என்று மகள் திருப்புவாள். என் தீர்ப்பு: படிப்பும் கல்யாணமும் கணக்கில் வராது, இந்தத் தாளின் தேதியிலிருந்துதான் கணக்கு. உங்கள் வீட்டில் வேறு முடிவு எடுக்கலாம், ஆனால் ஏதாவது ஒரு தேதியில் கோடு போட்டே ஆக வேண்டும்.

7. கொடுத்த பிறகு பிடி எவ்வளவு இருக்கும்

நேர்மையாகச் சொன்னால், பணம் விஷயத்தில் கிட்டத்தட்ட இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அதற்கு அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு எளிது. ஆனால் வீடு இருந்த இடத்தில் இருக்கும், செலவழிந்த பணம் எங்கே இருக்கும்? பில்டருக்குப் போன 10 லட்சத்தைத் தீர்ப்பாயம் பிடுங்கித் தர முடியாது. ஜீவனாம்சம் கேட்டால் மாதம் 10,000 ரூபாய் வரைதான் உத்தரவிட முடியும். பிடி வேண்டும் என்று தோன்றினால் கொடுக்காதீர்கள், அல்லது கடனாகக் கொடுங்கள்.

ஃபிளாட்டில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டால் பிடி இருக்கும் என்று நினைப்பவர்கள், வங்கியிடம் முன்பே கேளுங்கள். உரிமையில் பெயர் இருப்பவர்களெல்லாம் கடனிலும் சேர வேண்டும் என்று வங்கிகள் பொதுவாகக் கேட்கும். வயதானவர் சேர்ந்தால் கடன் காலம் குறையலாம். உங்களுக்குப் பிறகு அந்தப் பங்கு மகளுக்கும் போகும், அவள் கையெழுத்தில்லாமல் மகன் விற்க முடியாது.

சொந்த வீட்டையே இப்போது எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம். செலவு குறைவுதான். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சமாக 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சமாக 10,000. இந்த மலிவைப் பார்த்துத்தான் பலர் அவசரப்படுகிறார்கள். எழுதிய பிறகு நீங்களாக ரத்து செய்ய முடியாது. எழுதியே ஆக வேண்டும் என்றால், நீங்களும் துணையும் உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அனுபவ உரிமை உண்டு என்பதையும், கவனித்துக்கொள்ளும் நிபந்தனையையும் பத்திரத்துக்குள்ளேயே போடச் சொல்லுங்கள்.

8. எந்த வேலை எப்போது

வைப்பு முதிர்வதற்கு ஒரு மாதம் முன்பே குடும்பப் பேச்சை முடித்துவிடுங்கள். முதிர்வில் தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணம் மறுபடி பூட்டிக்கொள்ளும். உயிலைப் பணம் அனுப்பிய வாரத்திலேயே எழுதிவிடுங்கள், தேதியும் யூடிஆர் எண்ணும் கையோடு இருக்கும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளப்படுவது எப்போதும் இதுதான், அதனால் கொடைக் கடிதத்துக்குக் கூப்பிட்ட அதே இரண்டு சாட்சிகளை அன்றைக்கே உயிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாமினி மாற்றம் அடுத்த வாரம். கொடைக் கடிதத்தின் மூலப்பிரதி மகனிடம், நகல் உங்களிடமும் மகளிடமும். கடன் தாளின் மூலப்பிரதி மட்டும் உங்களிடம்.